அ, ஆவுக்கு முன்னால் ட, ப, ம: வெளிநாட்டில் வளரும் குழந்தைக்கான முதல் எழுத்துப் பெட்டி

டொரோண்டோவிலோ ஆஸ்லோவிலோ ஒரு தமிழ் வீட்டில் ஐந்து வயதுக் குழந்தைக்கு எழுத்துக் கற்பிக்க முடிவெடுத்தால், முதலில் சுவருக்கு வருவது உயிரெழுத்து அட்டவணை. அ அம்மா, ஆ ஆடு, இ இலை என்று பன்னிரண்டு கட்டங்கள். குழந்தை சில வாரங்களில் அதை ராகத்தோடு ஒப்பித்துவிடும். அதன் பிறகுதான் சிக்கல் தெரியும். பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் பழுதில்லாமல் அறிந்த குழந்தையால் வாசிக்கக்கூடிய சொற்கள் ஆ, ஈ போன்ற ஓரெழுத்துச் சொற்கள் மட்டுமே. தமிழில் உயிரெழுத்து அதன் சொந்த உருவத்தில் பெரும்பாலும் சொல்லின் முதலில்தான் வரும். மற்ற இடங்களில் அது காலாகவும் கொம்பாகவும் விலங்காகவும் மாறி, மெய்யோடு ஒட்டிக்கொண்டுவிடும். அட்டவணையில் படித்த உருவம் சொல்லுக்குள் தென்படாது.

தமிழ்நாட்டில் வளரும் குழந்தைக்கு இது பெரிய இழப்பில்லை. பேருந்துப் பலகை, கடைப் பெயர், சோப்பு உறை என்று எங்கு திரும்பினாலும் எழுத்து கண்ணில் படுகிறது. அட்டவணை விட்ட இடத்தைத் தெரு நிரப்பிவிடும். வெளிநாட்டில் அந்தத் தெரு இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் தமிழ்ப் பள்ளி, வீட்டில் கிடைக்கிற கால் மணி நேரம், அவ்வளவுதான். அதற்குள் "நான் வாசித்துவிட்டேன்" என்ற அனுபவம் கிடைக்காவிட்டால் குழந்தை தமிழெழுத்தை ஒப்பிக்கிற பொருளாகவே வைத்துக்கொள்ளும். பக்கத்திலேயே ஆங்கிலமோ நார்வேஜியனோ அதற்கு வாசிப்பின்பத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

எனவே எழுத்துகளின் வரிசையை மாற்ற வேண்டும். ட, ப, ம என்று எழுத எளிதான உருவங்களில் தொடங்கும் முறை தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் புழங்கியதுதான். வெளிநாட்டுக் குழந்தைக்கு அதில் இரண்டு லாபம் உண்டு. மூன்று எழுத்தும் ஒரே இடத்தில் தொடங்கும்: இடது மேல் மூலையிலிருந்து கீழே ஒரு கோடு, பிறகு வலப்பக்கம். ட அங்கேயே நின்றுவிடும், ப மேலே ஏறும், ம மேலே ஏறி உள்ளே வளையும். ஒன்றின் மேல் ஒன்றாக ஒரு அசைவு கூடிக்கொண்டே போகிறது. அடுத்த லாபம், இந்த மூன்றையும் வைத்தே வீட்டு மனிதர்களின் பெயர்கள் வந்துவிடுகின்றன.

பதினான்கு அட்டைகளும் பதினெட்டுச் சொற்களும்

முதல் பெட்டியில் வேண்டியவை இவை: அ, ஆ, ட, ப் , ட், ம், டி, மி ஆகியவை ஒவ்வொன்று, ப, ம இரண்டிரண்டு, துணைக்கால் இரண்டு. மொத்தம் பதினான்கு. ப, ம, துணைக்கால் இரண்டிரண்டாக இருப்பதற்குக் காரணம் மாமாவும் பாப்பாவும். ஒற்றை அட்டைகள் கொண்ட பெட்டியை வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். 247 எழுத்தும் இருக்கும், ஆனால் மாமா என்று அடுக்க முடியாது. அதே பெட்டியில் ஙௌ வரைக்கும் ஙகர வரிசை முழுவதும் அச்சாகியிருக்கும். குழந்தை வாசிக்கப்போகும் சொற்களில் அந்த வரிசையிலிருந்து வருவது ங் ஒன்றுதான்.

இந்தப் பதினான்கில் அம்மா, அப்பா, பாட்டி, பாட்டா, மாமா, மாமி, பாப்பா, படம், பாடம், பட்டம், அப்பம், பப்படம், மடி, படி, மாடி, அடி, ஆட்டம், ஆமாம் ஆகிய பதினெட்டுச் சொற்களை அடுக்கலாம். பாட்டாவும் பப்படமும் ஈழத்து வீடுகளில் அன்றாடம் புழங்குபவை. தமிழ்நாட்டுக் குடும்பத்தில் தாத்தாவும் அப்பளமும் என்பதால் அந்த இரண்டையும் விட்டுவிட்டு, த வந்த பிறகு தாத்தாவைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அட்டை செய்யும்போது ஒரு விதியை மாற்றாமல் பின்பற்ற வேண்டும். எழுத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கும் குறிகளை, அதாவது துணைக்காலையும் கொம்புகளையும், தனி அட்டையாகச் செய்யலாம். உருவத்தோடு ஒட்டிவிடும் இகர ஈகார உகர ஊகாரங்களையும் புள்ளி வைத்த எழுத்தையும் முழு எழுத்தாகவே அட்டையில் அச்சிட வேண்டும். மேல்விலங்கைத் தனியே வெட்டி ட பக்கத்தில் வைத்தால் அது டி ஆகாது. ட-வின் அடிக்கோடே நீண்டு மேலே வளைந்துதான் டி உருவாகிறது. குழந்தை அடுக்கியது ஒன்று, புத்தகத்தில் பார்ப்பது வேறொன்று என்றாகிவிடும்.

அளவு ஏழு சென்டிமீட்டர் சதுரம் வசதியானது. ஓர் ஏ4 தாளில் குறுக்கே மூன்று, நெடுக்கே நான்கு என்று பன்னிரண்டு அட்டை வரும். துணைக்கால் நீங்கலாக மற்ற பன்னிரண்டும் ஒரே தாளில் முடிந்துவிடும். துணைக்காலை அதே உயரத்தில் பாதி அகலத்துக்கு, மூன்றரை சென்டிமீட்டருக்கு, வேறு துண்டில் வெட்டிக்கொள்ளலாம். அகலம் குறைந்தால்தான் அது முந்தைய எழுத்தோடு நெருங்கி நிற்கும், தனி எழுத்தாகத் தோன்றாது. தாள் 200 கிராம் கனத்தில் இருந்தால் வீட்டு அச்சுப்பொறி இழுத்துக்கொள்ளும், விரலுக்கும் தடிமனாக இருக்கும். எழுத்தளவு 150 புள்ளி வைத்தால் ப ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் உயரம் வரும். ஒவ்வோர் அட்டையின் கீழ் ஓரத்திலும் ஒரு தடித்த கோடு போடுங்கள். அது இல்லாவிட்டால் ட-வைத் தலைகீழாகவும் படுக்கையாகவும் வைத்துவிட்டு, எது சரி என்று குழந்தை நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

படத்தை அட்டையின் முன்பக்கம் போடக் கூடாது. சொல் அட்டையில் அம்மா என்ற எழுத்துக்கு மேல் அம்மா படம் இருந்தால் குழந்தை படத்தைத்தான் வாசிக்கும். படம் பின்பக்கம் இருக்கட்டும். வாசித்து முடித்துத் திருப்பிச் சரிபார்க்க அது உதவும். உண்மையில் வாசிக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், படி என்று அடுக்கிவிட்டு, ப-வை எடுத்து ம-வை வையுங்கள். மடி என்று உடனே வந்தால் எழுத்து பிடிபட்டுவிட்டது. மறுபடியும் படி என்றால் அந்தச் சொல்லின் மொத்த உருவத்தை மனப்பாடம் செய்திருக்கிறது என்று பொருள்.

படம், பாடம், பட்டம்

இந்த மூன்று சொற்களையும் முதல் வாரத்திலேயே அருகருகே வைப்பது தற்செயலானதல்ல. ஆங்கிலச் சூழலில் வளரும் காதுக்கு, குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் என்பதோ, மெய் இரட்டித்தால் வேறு சொல்லாகும் என்பதோ பழக்கமில்லை. மூன்று அட்டைகளையும் மேசையில் வைத்து, ஏதாவதொன்றைச் சொல்லி, தொட்டுக்காட்டச் சொல்லுங்கள். பத்துத் தடவையில் எட்டுத் தடவையாவது சரியாக வரும்வரை புதிய எழுத்துக்குப் போக வேண்டாம். காது பிரிக்காததைக் கை எழுதாது. பின்னாளில் பாட்டு என்பதைப் பாடு என்று எழுதும் பிழைக்கு வேர் இங்கேதான்.

இன்னொரு விஷயமும் இதே மூன்றில் இருக்கிறது. படம் என்பதில் ட மெலிந்தும் பட்டம் என்பதில் வலிந்தும் ஒலிக்கிறது. ஓர் எழுத்துக்கு ஏன் இரண்டு ஒலி என்று ஆங்கில எழுத்துகளை அறிந்த குழந்தை கேட்கும். வல்லினம் சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வலிந்து ஒலிக்கும், இரண்டு உயிரொலிக்கு நடுவிலும் மெல்லினத்தை அடுத்தும் மெலிந்து ஒலிக்கும் என்பதே விடை. ஆனால் ஐந்து வயதில் அதை விதியாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவில் ஒரு ப, தம்பியில் இன்னொரு ப என்று சொற்களாகவே கொடுத்தால் குழந்தை தானே ஊகித்துக்கொள்ளும். அந்த ஊகம் கலையாதிருக்க, தொடக்கச் சொற்களில் விதியை மீறுபவற்றைத் தவிர்க்க வேண்டும். அட்டைகளைப் பார்த்தால் டப்பா என்றும் அடுக்கலாமே என்று தோன்றும். டப்பாவில் ட முதலில் வந்தும் மெலிந்து ஒலிக்கிறது. பஸ்ஸும் பலூனும் அப்படித்தான். இவற்றை முதல் பெட்டிக்குள் விடாமல் ஓராண்டு கழித்துத் தரலாம்.

உதவி செய்வதாக நினைத்து அட்டையின் மூலையில் உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். குழந்தையின் கண் தனக்குப் பழகிய எழுத்துக்குத்தான் ஓடும், தமிழெழுத்து அலங்காரமாகிவிடும். போதாததற்கு ஆங்கில எழுத்து அதன் ஆங்கில ஒலியையே கூட்டிக்கொண்டு வரும். அப்படி வாசிக்கும் குழந்தை ட-வை நுனிநாக்கால் பல்லீறில் தட்டும், பாட்டி வேறு யாரோ ஒருவராகிவிடுவார். ஆங்கிலத்தில் நாவை மேலே மடித்துச் சொல்லும் ட, ண, ள இல்லை. நார்வேயிலும் சுவீடனிலும் பல வட்டாரங்களில் நா மடியும் ஒலிகள் பேச்சில் உண்டு என்பதால் அங்கு வளரும் பிள்ளைகளுக்கு ட, ண சிரமம் தருவதில்லை. பிரெஞ்சு, ஜெர்மன் சூழலில் தொல்லை தருவது ர. தொண்டையில் உருட்டும் பழக்கம் தமிழுக்குள்ளும் வந்துவிடும். பெட்டி செய்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துக் காதுப் பயிற்சிக்கான சொற்களை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் புழங்கும் சொல்

சுவர் அட்டவணையின் இலையையும் உரலையும் எடுத்துக்கொள்ளுங்கள். உரலைக் குழந்தை பார்த்ததே இல்லை என்பது ஒருபுறம். அதைவிடப் பெரிய இடைஞ்சல் ஒலியில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் இலை எலையாகவும் உரல் ஒரலாகவும் ஆகிவிடும். வீட்டில் எலை என்று கேட்டு வளர்ந்த குழந்தையிடம் இலைப் படத்தைக் காட்டி முதலெழுத்து என்ன என்றால் எ என்று சொல்லும். அது கேட்டதைச் சரியாகத்தான் சொல்கிறது. நாம் கொடுத்த சொல்தான் தவறு. இ-க்கு இட்லியும் உ-வுக்கு உப்பும் போடுங்கள். இரண்டும் பேச்சிலும் எழுத்திலும் ஒரே உயிரில் தொடங்குபவை, சமையலறையிலேயே இருப்பவை. ஐந்து என்ற சொல்லுக்கும் இதே குறை உண்டு. பேச்சில் அது அஞ்சு. கண் கண்ணு ஆவதும் பல் பல்லு ஆவதும் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை, ஏனென்றால் தொடக்கம் மாறவில்லை. ஆனாலும் பேச்சும் எழுத்தும் ஒன்றாக இருக்கும் சொற்களே முதல் இரண்டு பெட்டிகளை நிரப்பட்டும். பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தை வாசிக்கத் தொடங்கிய பிறகு சொன்னால் எளிதாக ஏற்றுக்கொள்ளும்.

யாழ்ப்பாணக் குடும்பத்துக் குழந்தைக்கு நாற்காலி படம் போட்ட அட்டை அந்நியச் சொல், அது கதிரை. சப்பாத்து, யன்னல், பாண், கொப்பி, கச்சான் எல்லாம் அந்த வீட்டில் உயிரோடு இருக்கும் தமிழ்ச் சொற்கள். சென்னையில் அச்சான பெட்டியில் இவை இருக்காது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அச்சான பெட்டி மதுரைக் குடும்பத்துக்குப் போனாலும் இதே கதைதான். வெளிநாட்டுத் தமிழ்ப் பள்ளியில் இரண்டு வகைப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருப்பார்கள் என்பதால், எழுத்து அட்டைகளைப் பொதுவாகவும் சொல் அட்டைகளை வீட்டுக்கு வீடு மாற்றியும் வைப்பது நடைமுறைக்கு ஒத்து வரும். சொல் அட்டை வெற்றாக இருக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கே புழங்கும் சொல்லை அம்மாவோ அப்பாவோ எழுதிக்கொடுக்கட்டும்.

அடுத்த பெட்டிகள்

இரண்டாவது பெட்டி க, த, ண, ல, வ, கூடவே அவற்றின் புள்ளி எழுத்துகளும் பி-யும். அக்கா, அண்ணா, தாத்தா, தம்பி வந்து குடும்பம் நிறைந்துவிடும். பால், கால், பல், வால், காகம், கப்பல், கட்டில் எல்லாம் இதற்குள் அடங்கும். ங், ச், சி மூன்றையும் கூட்டினால் தங்கச்சியும் வந்துவிடுவாள்.

ர எளிதான உருவம் என்று பலர் முதலிலேயே கொடுத்துவிடுகிறார்கள். ர-வும் துணைக்காலும் ஏறக்குறைய ஒரே உருவம். ர-வின் காலடியில் சாய்ந்த சிறு கோடு ஒன்றுதான் வித்தியாசம். ர் , ரி என்று வரும்போது பல எழுத்துருக்களில் அந்தக் கோடும் காணாமல் போய்விடும். துணைக்கால் கையில் ஊறிய பிறகு, மூன்றாவது பெட்டியில், மரம், காரம் என்று ர வரட்டும். பார் என்ற சொல்லைத் தர இன்னும் சில வாரம் பொறுக்கலாம், ஏனென்றால் அதில் துணைக்காலும் ர் எழுத்தும் அடுத்தடுத்து நிற்கின்றன.

கொம்புகள்தான் இடமிருந்து வலமாக வாசித்துப் பழகிய குழந்தைக்கு மிகவும் புதியவை. தேன் என்ற சொல்லில் முதலில் கண்ணில் படுவது இரட்டைக்கொம்பு, வாயில் முதலில் வருவது த. கொம்பைத் தனி எழுத்தாக நினைத்து "ஏ, த, ன்" என்று வாசிப்பார்கள். விளக்கிச் சொல்வதைவிட அட்டையைக் கையில் கொடுப்பது பலன் தரும். குழந்தை முதலில் த-வை மேசை நடுவில் வைத்து, த என்று சொல்லட்டும். பிறகு இரட்டைக்கொம்பை எடுத்து அதன் இடப்பக்கம் நகர்த்திக்கொண்டு வந்து ஒட்டும்போது தே என்று சொல்லட்டும். கடைசியில் ன். ஒலி வரும் வரிசையில் கை நகர்கிறது, உருவம் மட்டும் முன்னால் போய் நிற்கிறது. இது பிடிபட்ட பிறகு கோழிக்குப் போனால், க-வை நடுவில் வைத்து, கொம்பையும் காலையும் இரண்டு கையாலும் இருபுறமிருந்து ஒரே நேரத்தில் கொண்டுவரச் சொல்லலாம். ஒகர வரிசைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஔகாரத்தில் பின்னால் நிற்கும் குறி ள போலவே இருப்பதால் கௌ என்பதைக் கெள என்று வாசிக்கும் குழப்பம் பெரியவர்களுக்கே உண்டு. அந்த வரிசையைக் கடைசிக்குத் தள்ளிவிடுவதில் நட்டமில்லை.

உகரத்தை க வரிசை, ங வரிசை என்று மேலிருந்து கீழாகக் கற்பித்தால் பதினெட்டும் பதினெட்டு மனப்பாடமாகிவிடும். உருவத்தை வைத்துப் பிரித்தால் மூன்று கூட்டம்தான். சு, பு, வு, யு, ஙு ஆகியவற்றில் ஒரு கோடு கீழே இறங்குகிறது. து, நு, லு, ணு, னு, று, ஞு ஆகியவற்றில் வால் சுழித்து மேலே ஏறுகிறது. இவற்றுக்கு ஊகாரம் துணைக்கால் போன்ற ஒரு கோட்டைச் சேர்த்தாலே போதும். டு, மு, ரு, ழு, ளு, கு ஆகியவை அடியில் வளைகின்றன, அவற்றுள் கு சற்றுத் தனி. பாட்டு, மாடு, மூக்கு என்று வளைபவற்றை முதலிலும், பூ, பூனை என்று கோடு இறங்குபவற்றை அடுத்தும், தும்பி, நூல் என்று சுழிப்பவற்றைக் கடைசியிலும் தரலாம்.

அச்சிடும்போது

துணைக்காலையோ கொம்பையோ மட்டும் தனியே தட்டச்சு செய்தால், பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தோன்றும். இங்கே ஓர் எழுத்து வர வேண்டும் என்று கணினி காட்டும் அடையாளம் அது. கவனிக்காமல் அச்சிட்டால் குழந்தை அந்த வட்டத்தையும் சேர்த்து எழுதிப் பழகும். சுலபமான வழி, கா என்றும் கே என்றும் பெரிதாக அச்சிட்டுக் கத்தரிக்கோலால் க-வை வெட்டிவிடுவதுதான். கா-வில் க-வுக்கு ஒரு நிறம், துணைக்காலுக்கு ஒரு நிறம் என்று மென்பொருளில் முயன்றாலும் பல நேரம் இதே வட்டம் வந்து நிற்கும். அச்சிட்ட பிறகு நிறப் பேனாவால் தடவிக்கொள்வது வேகமானது.

படம் வரையும் மென்பொருள்கள் சிலவற்றில் தமிழ் உடையும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி பக்கத்து எழுத்தின் மேல் ஏறும். வடிவமைக்கத் தொடங்கும் முன் "கோழி, யானை, தேள், கொய்யா" என்ற நான்கு சொற்களைத் தட்டச்சு செய்து பாருங்கள். நான்கும் சரியாக வந்தால் மேலே போகலாம். எழுத்திடைவெளியைக் கூட்டினால் துணைக்கால் விலகி ஓடும், அதைத் தொடாதீர்கள். தமிழ்ப் பள்ளிகளில் கைமாறும் பழைய பயிற்சித்தாள்கள் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் என்ற சொல் `jkpo;` என்று தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை. பாமினியை நிறுவினால் திரும்ப வாசிக்கலாம், அல்லது ஒருங்குறி மாற்றி ஒன்றின் வழியே மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு ஒகர ஓகாரங்களை மட்டும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். பிழை விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

எழுத்துருவில் அலங்காரம் வேண்டாம். ன-வில் இரண்டு சுழி, ண-வில் மூன்று சுழி தூரத்திலிருந்தே எண்ண முடிகிற மாதிரி, கோட்டின் கனம் சீராக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பாட்டி வீட்டிலிருந்து வரும் பழைய புத்தகங்களில் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற சுழியோடு இருக்கும். ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்கள் என மற்ற ஒன்பதும் வேறு வடிவில் இருக்கும். 1978இல் தமிழ்நாடு அரசு இந்தப் பதின்மூன்று எழுத்துகளையும் மற்றவற்றைப் போலவே எழுதும்படி மாற்றியது. அந்தப் புத்தகங்களைப் பெரியவர்கள் வாசித்துக் காட்டட்டும். குழந்தை தானாக எழுத்துக்கூட்டி வாசிக்க, தமிழ்நாடு அரசின் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைப் பாடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை மூன்றாவது பெட்டி முடிந்த பிறகு திறப்பது நல்லது. அதற்கு முன்பே திறந்தால் ஒரு பக்கத்தில் அறிந்த எழுத்தைவிட அறியாத எழுத்தே கூடுதலாக இருக்கும், குழந்தை ஊகித்து வாசிக்கத் தொடங்கிவிடும். ஊகம் தொடங்கிவிட்டதா என்பதை அறிய, பக்கத்தின் படத்தைக் கையால் மூடிக்கொண்டு, கடைசி வரியிலிருந்து ஒரு சொல்லைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். தயங்கினால் அந்தச் சொல்லை அட்டையில் அடுக்க வையுங்கள். எந்த அட்டையை எடுக்கத் தடுமாறுகிறதோ, அந்த எழுத்தில்தான் அடுத்த வாரத்துப் பாடம்.